நூற்றெண்பத்தேழாம் பதிவு

கெர்லிண்ட் வெஸ்ஸலிங்கோடு முப்பத்தோரு வருடம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தேன். அவளோடு சண்டை போடாத வருடம் ஒன்றுகூட நினைவில் இல்லை. இறையியல் நூலகத்தில் அவள் பட்டியல் பிரிவு. நான் வெளியூர் நூலகங்களிலிருந்து புத்தகம் வரவழைக்கும் பிரிவு. நான் வரவழைத்த புத்தகத்தை அவள் திருப்பித் தரமாட்டாள். கேட்டால், "இன்னும் பார்த்து முடியல" என்பாள். பார்ப்பது என்றால் அவளுக்குப் பார்ப்பது. அட்டை, முதல் பக்கம், பின்பக்கம், அடிக்குறிப்பு, பிழைதிருத்தம் எல்லாம் பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சொல் உண்டு, ஆட்டோப்ஸி. ஊரில் மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரியில் பிணத்தை அறுப்பது. எங்களுக்கு அது புத்தகத்தைக் கையில் எடுத்துக் கண்ணால் காண்பது. இன்னொருவர் சொன்னதை நம்பிப் பட்டியலில் ஏற்றுகிறவனை நாங்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை. கெர்லிண்ட் இந்த மதத்தின் தீவிர பக்தை.

டச்சு எல்லைக்குப் பக்கத்தில் ஒரு மில் ஊரில் பிறந்தவள். அம்மா நூற்பாலையில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை செய்தவள். மகள் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகவேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் ஒரே ஆசை. இருபத்து நாலு வயதில் கெர்லிண்ட் எங்கள் நூலகத்தில் வந்து உட்கார்ந்தாள். டாக்டர் பட்டம் கிடையாது. புரொபசர்கள் அவளிடம் தகவல் கேட்பார்கள், அடிக்குறிப்பில் நன்றிகூடச் சொல்லமாட்டார்கள். அவளும் எதிர்பார்க்கமாட்டாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

கடைசிப் பதினோரு வருடம் சனிக்கிழமைகளில் அவள் தனக்கென்று ஒரு வேலை செய்தாள். ஆதித் துறவு மடங்களில் பெண்கள் என்னவாக இருந்தார்கள் என்பது பற்றி வந்த ஆய்வுகளுக்கு ஒரு நூற்பட்டியல். வெறும் பட்டியல் இல்லை. ஒவ்வொரு பதிவின் கீழும் ஐந்தாறு வரியில் குறிப்புரை. அந்த ஆய்வு எந்த மூல நூலை நம்பியது, என்ன சொல்கிறது, எங்கே சறுக்குகிறது என்று. எகிப்து, சிரியா, பழைய பிரான்ஸான கால் நாடு, அயர்லாந்து, கிறிஸ்துவுக்குப் பின் அறுநூறு வரை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்.

முன்னால் நாலு பக்கத் தேர்வு விளக்கம். எதைச் சேர்த்தேன், எதை விட்டேன், ஏன். அவளுக்கு அந்த நாலு பக்கம்தான் உயிர். "பட்டியல யார் வேணும்னாலும் போடலாம் வெரேனா. எதை விட்டோம்னு சொல்றதுக்குத்தான் நேர்மை வேணும்" என்பாள். அதில் நான்கு விதிகள். முதலாவது, எல்லாம் என் கண்ணால் கண்டவை. இரண்டாவது, மூல மொழியில் படித்து எழுதிய ஆய்வுகள் மட்டும். மூன்றாவது, பெண் துறவியரே எழுதியவை 'அ' பகுதியில், வெளியாட்கள் எழுதியவை 'ஆ' பகுதியில். ஜெர்மன் மொழியில் பெண் துறவி ஒருவர் இந்தத் துறையில் எழுதியது 1971-க்கு முன் கிடைக்காததால் 'அ' பகுதி அங்கே தொடங்குகிறது. நான்காவது, ஆசிரியர் பெயர் இல்லாத கட்டுரைகள் தவிர்க்கப்பட்டன, ஏனெனில் எழுதியவரின் தகுதியை எடைபோட வழியில்லை.

2012 மார்ச்சில் அவளுக்கு ஓய்வு. அதே வாரம் புத்தகமும் அச்சுக்குப் போகவேண்டும். இந்தப் புத்தகம் வரவிருந்த நூல்வரிசையை இதோடு நிறுத்துவதாகப் பதிப்பகம் முடிவு செய்திருந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் திருத்திய படி போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் புத்தகமே கிடையாது. இதை இரண்டு முறை கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பதிப்பகத்திலிருந்து ஒரு சின்னக் கேள்வி வந்தது. பதிவு 187-இல் பக்கம் 1 முதல் 22 என்றிருக்கிறது, மணிவிழா மலரில் வந்த கட்டுரை எப்படி முதல் பக்கத்தில் தொடங்கும்?

காரணம் எளிது. எங்களிடம் இருந்தது முழு மலர் இல்லை, அந்தக் கட்டுரையை மட்டும் தனியாக அச்சிட்டுத் தைத்த தனிப்படி. தனிப்படிக்குத் தனிப் பக்க எண். மலரை வரவழைக்கச் சொல்லி என்னிடம் சீட்டுக் கொடுத்தாள். செவ்வாய் மதியம் வந்தது. சரியான பக்கம் 214 முதல் 235. குறித்துக்கொண்டு மூடியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் மூடியிருப்பார்கள். இவள் கடைசிப் பக்கம்வரை புரட்டினாள்.

நான் ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் மலரைத் திறந்தபடியே என் மேசையில் வைத்தாள்.

"இதைப் படி."

கட்டுரையாளர் பட்டியல். "எம். பாஸ்காலிஸ் ரோயர், ஓ.எஸ்.பி." என்ற பெயருக்கு எதிரே ஒரு மடத்தின் பெயர், அப்புறம் 'பூசையுடைத் தையற்கூட லைட்டெரின்.'

"தையற்கூடத் தலைவி. அதுக்கென்ன?"

"தலைவி. தலைவன் இல்ல."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஜெர்மன் மொழியில் 'லைட்டர்' என்றால் தலைவன், கடைசியில் 'இன்' ஒட்டினால் தலைவி. கெர்லிண்டின் 187-ஆம் பதிவில் ஆசிரியர் பெயர் 'ரோயர், மார்ட்டின் பாஸ்காலிஸ்.' பெனடிக்ட் சபைத் துறவி, 1959-இல் இறந்தவர். கட்டுரை வந்தது 1963. இறந்தபின் வெளியானது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"எம்-னா மார்ட்டின்னு யாரு சொன்னது?" என்றேன்.

"நான்தான்."

"எப்போ?"

"எழுபத்து நாலுல. வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம். பேர முழுசா எழுதணும்னு விதி. துறவிகள் கையேட்டுல பாதர் மார்ட்டின் ரோயர்னு ஒருத்தர் இருந்தார். அதே சபை. ஒட்டிட்டேன்."

பாஸ்காலிஸ் என்ற பெயர் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். பெனடிக்ட் சபையைக் குறிக்கும் ஓ.எஸ்.பி.யும் அப்படியே. கன்னியர் மடங்களில் எல்லோர் பெயருக்கு முன்னாலும் ஒரு மரியா உண்டு, அதைச் சுருக்கி எம் என்று போடுவார்கள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அது தோன்றவில்லை. அவள் எழுதிய அட்டையைப் பார்த்து இன்னொரு நூலகம் எழுதியது, அதைப் பார்த்து இன்னொன்று. கணினி வந்தபோது நாடு முழுவதற்குமான பெயர்க் கோப்பில் மார்ட்டின் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"இந்த ஆளுக்கு நூல் நூற்கத் தெரியும்னு எத்தனை தடவை உங்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள்.

சொல்லியிருக்கிறாள். எகிப்தில் பக்கோமியுஸ் நிறுவிய மடங்களைப் பற்றிய கட்டுரை அது. ஆற்றுக்கு அக்கரையில் அவர் சகோதரியின் தலைமையில் தொடங்கிய பெண்கள் மடம். ஆண்கள் மடத்துக்கு வேண்டிய துணி அங்கேதான் தயாரானது. ஒரு துறவிக்கு இரண்டு மேலுடுப்பு, உடுத்திப் பழகியது இன்னொன்று, இரண்டு முக்காடு என்று பழைய ஏடு சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு, எத்தனை பேருக்கு எத்தனை முழம், அதற்கு எத்தனை கை நூற்க வேண்டும், எத்தனை மாதம் என்று கட்டுரை கணக்குப் போட்டிருந்தது. இவ்வளவு பெரிய வேலையை நடத்தியவள் யாரிடமும் கைகட்டி நின்றிருக்க முடியாது, ஆற்றைத் தாண்டி வந்த பொறுப்பாளரோடு சரிக்குச் சரி பேசித்தான் ஆகவேண்டும் என்பது முடிவு. மில் தொழிலாளி மகளான கெர்லிண்டுக்கு அந்தக் கட்டுரைமேல் தனிப் பிரியம். அதற்கு அவள் எழுதிய குறிப்புரையின் கடைசி வரி: 'ஓர் ஆண் துறவிக்கே வாய்க்கும் பற்றற்ற வெளிப்பார்வை.'

அந்த வரியை என் முன்னால் சத்தமாக வாசித்தாள். பிறகு, "தூ" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படியொரு சத்தம் நான் கேட்டதே இல்லை.

புதன் காலை மடத்துக்குப் போன் செய்தாள். ஆவண அறையைப் பார்க்கும் சிஸ்டர் லியோபா எடுத்தார். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. மார்ட்டின் ரோயர் என்ற பெயரைச் சொன்னதும் மறுமுனையில் சிரிப்பு.

"மார்ட்டினையா! எங்க மார்ட்டினைத் தேடி இத்தனை வருஷம் கழிச்சு ஆள் வந்துடுச்சா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"சாப்பாட்டு மேசையில அவங்கள நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். 'பிரதர் மார்ட்டின், உப்ப இந்தப் பக்கம் தள்ளுங்க'ன்னு. எண்பத்தெட்டுல சாகுற வரைக்கும். ஆனா அவங்க சிரிச்சதில்ல."

"ஏன் யாருமே திருத்தச் சொல்லல?"

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "சொன்னாங்களே. எழுபத்தஞ்சுல உங்க நூலகத்துக்கே எழுதினாங்க. பதில்கூட வந்தது. இருங்க, இங்கதான் இருக்கு." காகிதம் சரசரத்தது. சிஸ்டர் நிதானமாக வாசித்தார். "மதிப்புக்குரிய சிஸ்டர், எங்கள் பதிவு அச்சில் வந்த ஆதாரத்தின் பேரில் அமைந்தது. தாங்கள் அச்சு ஆதாரம் எதுவும் இணைக்காததால் மாற்ற இயலாது. தங்கள் உண்மையுள்ள, கெ. வெஸ்ஸலிங்."

கெர்லிண்ட் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அவளைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"தலைமை நூலகர்தானே சொல்லி எழுத வெச்சிருப்பார்?" என்றேன் மெதுவாக.

"சொன்னது அவர். தட்டச்சு நான். கையெழுத்தும் என்னோடது." பிறகு போனை நோக்கிக் குனிந்தாள். "சிஸ்டர், அதுக்கப்புறம் அவங்க எழுதவே இல்லையா?"

"எழுதினாங்களே, மூணு. எங்க மடத்து ஆண்டு மலர்ல. ஆனா பேர் போடல. 'ஒரு பெனெடிக்டினெரின்' அப்படின்னு மட்டும் போடச் சொன்னாங்க. பேரைப் போட்டாத்தானே ஆம்பளையாக்குவாங்க, இந்த 'இன்'ன எவன் பிடுங்குறான்னு பார்ப்போம்னாங்க."

பெனெடிக்டினெரின் என்றால் பெனடிக்ட் சபைக் கன்னி, அந்தச் சொல்லைப் பெண்ணாக்குவது கடைசியில் வரும் 'இன்'தான். கெர்லிண்ட் எழுந்து தன் அறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய அட்டைப் பெட்டி. தவிர்த்தவற்றின் அட்டைகளையும் அவள் தூக்கிப் போட்டதில்லை. அந்த மடத்து ஆண்டு மலரில் வந்த மூன்று கட்டுரைகளின் அட்டைகளை எடுத்து வைத்தாள். மூன்றிலும் பென்சிலில் அவள் கையெழுத்து: 'ஆசிரியர் பெயர் இல்லை. விதி 4. விடுக.' கட்டுரைகளை அவள் பார்த்தது கிடையாது. பெயர் இல்லை என்று தெரிந்ததும் அத்தோடு விட்டுவிட்டாள்.

பெயரைப் பிடுங்கியதும் அவள்தான். பெயர் இல்லை என்று வெளியே தள்ளியதும் அவள்தான். அதை அட்டைகளே சொல்லிக்கொண்டிருந்தன.

விஷயம் கேள்விப்பட்டு மதியம் புரொபசர் லூட்கர் ஹேகமன் வந்தார். வரிசையின் பதிப்பாசிரியர், முன்னுரை அவருடையது. 'மதிலும் மௌனமும்' என்று தலைப்பு. 1960-களில் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடிக் கதவைத் திறந்துவிடும்வரை கன்னியர் தம் வரலாற்றைத் தாமே எழுதியதில்லை என்பது அவருடைய பெருமைக்குரிய கண்டுபிடிப்பு. அதற்கு ஆதாரமாகக் கெர்லிண்டின் மூன்றாவது விதியை அடிக்குறிப்பில் காட்டியிருந்தார். நன்றி சொல்லாமல்தான்.

"வெஸ்ஸலிங் அம்மா, ஒரு பெயர் தப்பு. அவ்வளவுதானே? மார்ட்டினை மரியான்னு மாத்துங்க, முடிஞ்சது."

"முடியாது புரொபசர். அவங்க 'அ' பகுதிக்குப் போகணும். போனா மூணாவது விதி தப்பாகுது. பேரில்லாத மூணு கட்டுரையும் உள்ள வரணும். வந்தா நாலாவது விதியும் தப்பாகுது."

"மூணையும் நீங்க பார்க்கவே இல்லையே?"

"நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்."

"நாளைக்கா! வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. நானூறு எண்ணையும் மாத்துவீங்களா? பெயரடைவை யார் மாத்துறது?"

"எண்ணை மாத்தாம செய்ய வழி இருக்கு."

"ஒரு தையற்கார சிஸ்டருக்காகப் பதினோரு வருஷத்தைத் தண்ணியில போடப் போறீங்க."

கெர்லிண்ட் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கம்மாவும் மில்லுலதான் நின்னாங்க புரொபசர். உங்க சட்டையும் யாரோ தச்சதுதான்."

அவர் முகம் சிவந்தது. போகும்போது கதவைச் சாத்தாமலே போனார். நான் எழுந்து சாத்தினேன். அதற்குள் அவள் மறுநாள் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை முதல் ரயிலில் போனாள். இரண்டு மணி நேரம் ரயில், பிறகு ஒரு பஸ். நான் மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த வாசகர்கள்மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். மூன்று மணிவரை செய்தி இல்லை. அந்த மடத்தில் ஜெப நேரத்தில் யாரும் போன் எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் நாலு தடவை அடித்தேன். கட்டுரைகள் மோசமாக இருந்தால்? பக்திப் பிரசங்கமாக இருந்து இரண்டாவது விதியில் விழுந்துவிட்டால்? அப்படியிருந்தால் அவள் இரக்கப்பட்டுச் சேர்க்கவும் மாட்டாள், விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

ஐந்து மணிக்கு வந்தாள். கோட்டைக் கழற்றாமலே பென்சில் எழுத்துகள் நிறைந்த ஆறு தாள்களை மேசைமேல் போட்டாள்.

"ரெண்டு அற்புதம். பழைய எகிப்து மொழி, கோப்டிக் மூலத்தை நேராப் படிச்சிருக்காங்க, யார் கத்துக் கொடுத்தாங்கன்னே தெரியல. மூணாவது வேகாத பண்டம். சிரியாவைப் பத்தி, லத்தீன் மொழிபெயர்ப்பை நம்பி எழுதினது."

"அப்போ மூணாவதை?"

"விடணும். ரெண்டாவது விதி."

"அடிப்பாவி! இவ்வளவுக்கும் அப்புறமா?"

"இவ்வளவுக்கும் அப்புறம்தான். கடனைத் தீர்க்க அவங்கள உள்ள விட்டேன்னா, அது வேற ஒரு அவமானம்."

எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அவளை நான் முழுசாக மதித்தது அந்த நிமிடத்தில்தான்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். 1971-ஆம் ஆண்டுப் பதிவு இதுவரை எண் 1. அதை 1அ ஆக்கி, 1963 கட்டுரையை எண் 1 ஆக்கினாள். பழைய இடத்தில் '187. காண்க: 1' என்று ஒரே வரி. புதிய இரண்டும் ஆண்டு வரிசைப்படி 4அ, 6அ. மற்ற எண் எதுவும் நகரவில்லை. பெயரடைவில் இந்த நாலைத் தொட்டால் போதும். நான் அடைவைத் திருத்தினேன், அவள் தேர்வு விளக்கத்தைத் திருத்தினாள்.

பத்தரைக்கு ஹேகமன் போன் செய்தார். அவள் அனுப்பிய புதிய பத்தியைப் படித்துவிட்டார்.

"என் முன்னுரைக்கு நேர் எதிரா நாலாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. ஒண்ணு அந்தப் பத்தி இருக்கணும், இல்ல என் முன்னுரை இருக்கணும்."

"அப்போ முன்னுரையை எடுத்துடலாம் புரொபசர்."

"என் பேர் இல்லாம இந்தப் புத்தகத்தை எவன் வாங்குவான்?"

"பேர் இல்லாமலும் எழுதலாம்னு நேத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அவர் போனை வைத்துவிட்டார். நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்துக்கு எழுதுவாரா? அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. பதினொன்று முப்பத்தைந்துக்குக் கெர்லிண்ட் படியை அனுப்பினாள். பதினொன்று ஐம்பது. பன்னிரண்டு. பன்னிரண்டு இருபதுக்குப் பதில் வந்தது: பெற்றுக்கொண்டோம், முன்னுரையைப் புரொபசர் திரும்பப் பெற்றுவிட்டார், அதற்குரிய பக்கங்கள் வெறுமையாக விடப்படும்.

அவள் அழவில்லை. எழுந்து தன் கணினிக்குப் போய்ப் பெயர்க் கோப்பைத் திறந்து, மார்ட்டினையும் பாஸ்காலிஸையும் இரண்டு பேராகப் பிரித்தாள். ஆதாரம் என்ற கட்டத்தில் மலரின் பெயரையும் கடைசிப் பக்க எண்ணையும் எழுதினாள். சேமித்தாள். அன்றோடு அவளுக்கு ஓய்வு, இரண்டு மணிக்கு அவளுடைய கடவுச்சொல் செல்லாததாகிவிட்டது. பிரிவுபசாரத்தில் கேக் வெட்டினோம், ஹேகமன் வரவில்லை.

புத்தகம் ஜூனில் வந்தது. தேர்வு விளக்கத்தின் கடைசிப் பத்தி இப்படி இருக்கிறது: 'பெயரில்லாதவை விலக்கப்பட்டன என்ற விதியை நான் தளர்த்தியிருக்கிறேன். பதிவு 1, 4அ, 6அ மூன்றும் சிஸ்டர் மரியா பாஸ்காலிஸ் ரோயர் எழுதியவை. அவர் பெயரை 1974-இல் தவறாக எழுதியதும், அவர் திருத்தக் கேட்டபோது மறுத்ததும் இந்தப் பட்டியலைத் தொகுத்தவர். பெயரில்லை என்பதற்காகவே தவிர்க்கப்பட்ட மற்றக் கட்டுரைகளை நான் இன்னும் பார்க்கவில்லை. அவற்றைப் பற்றி எதுவும் சொல்ல எனக்குத் தகுதியில்லை.'

மடத்துக்கு ஒரு பிரதி அனுப்பினாள். பத்து நாள் கழித்து நூலக முகவரிக்கு அவள் பெயருக்கு ஓர் உறை வந்தது. நானே அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உறைமேல் அழகான கையெழுத்தில் 'திரு. மார்ட்டின் வெஸ்ஸலிங் அவர்களுக்கு' என்றிருந்தது.

அதைப் பார்த்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளே 1975-ஆம் ஆண்டுக் கடிதம், அவள் தட்டச்சு செய்து கையெழுத்திட்ட அந்த அசல். மடிப்பில் கிழிந்ததை ஒட்டி வைத்திருந்தார்கள். அதன்மேல் குத்திய சின்னச் சீட்டில் சிஸ்டர் லியோபா எழுதியிருந்தார்: 'இதை இனி நாங்கள் வைத்திருக்க வேண்டியதில்லை.'

சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக நான் சண்டை எதுவும் போடாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.